மாமாவின் செத்தவீட்டுக்கு எடுத்த லீவு நோ பே ஆகுமா?

கேள்வி: கொழும்பில் ஒரு தனியார் அலுவலகத்தில் இரண்டாவது வருடமாக வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்தில் அம்மாவின் அண்ணா காலமானதால் மூன்று நாள் வரவில்லை. மாமா நெருங்கிய உறவில்லையாம். மரணச் சான்றிதழும் கேட்டு, மூன்று நாளையும் நோ பே போட்டுவிட்டார்கள். இது சரியா?

பதில்: மாமாவை அவர்கள் பட்டியலில் சேர்க்காதது சட்ட மீறல் இல்லை. ஆனால் நோ பே போட்டது, உங்களுக்கு கேசுவல் லீவு மிச்சம் இருந்தால், தவறு.

இலங்கையில் தனியார் துறைக்கென்று மரண விடுமுறை எதையும் சட்டம் தரவில்லை. பெற்றோர், துணை, பிள்ளைகள் இறந்தால் இத்தனை நாள் என்று சில நிறுவனங்கள் தருவது அவர்களாகத் தரும் சலுகை. அதனால் எந்த உறவு, என்ன ஆதாரம் என்பதையும் அவர்களே தீர்மானிக்கலாம். அந்த விதி உங்கள் நியமனக் கடிதத்திலோ ஊழியர் கையேட்டிலோ எழுதியிருந்தால், எழுதியபடி நடக்க வேண்டும். உங்களுக்கென்று தனியாகச் சுருக்க முடியாது.

உங்களுக்குக் கைகொடுப்பது 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். சொந்த அலுவல், சுகவீனம் அல்லது வேறு நியாயமான காரணத்துக்காக வருடத்துக்கு 7 நாள் முழுச் சம்பளத்துடன் கேசுவல் லீவு தர வேண்டும் என்று அது சொல்கிறது. முதல் வருடத்தில் மட்டும், முடிந்த ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் ஒரு நாள். இங்கே உறவுப் பட்டியலே கிடையாது. தாய்மாமன் செத்தவீடு நியாயமான காரணம் இல்லை என்று எந்த மனிதவளப் பிரிவு வாதாடும்?

இந்த வருடம் ஏற்கெனவே 2 நாள் எடுத்திருந்தால் 5 மிச்சம். அதில் இந்த 3 நாளைக் கழித்தாலும், 31 ஆம் நாள் அந்தியேட்டிக்குப் போய்வர 2 நாள் இருக்கும். அது போதாவிட்டால் வருடாந்த விடுமுறையில் கேளுங்கள். அதற்கு முன்கூட்டியே நாளைப் பேசி வைப்பது நல்லது.

சரி, ஆதாரம்? இன்ன ஆவணம்தான் வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. நியாயமான ஒன்றைக் கேட்டால் கொடுத்துவிடுவதே புத்தி. செத்தவீட்டன்று பலரிடம் மரணச் சான்றிதழ் இருக்காது. பதிவாளரிடம் பதிந்த பிறகுதான் வரும். அதுவரை மரண அறிவித்தலின் படத்தை அனுப்புங்கள். உறவைக் காட்டச் சொன்னால், மாமாவின் மரணச் சான்றிதழிலும் அம்மாவின் பிறப்புச் சான்றிதழிலும் இருக்கும் பெற்றோர் பெயர்கள் ஒன்றாக இருப்பதே போதுமான சாட்சி.

இப்போது செய்ய வேண்டியது, "அந்த மூன்று நாளையும் என் கேசுவல் லீவில் கழித்து, வெட்டிய சம்பளத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று மின்னஞ்சலில் கேட்பதுதான். வாய்ப்பேச்சு பிறகு உதவாது. மறுத்தால் அந்த மின்னஞ்சல், சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம் மூன்றையும் எடுத்துக்கொண்டு நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்தில் முறையிடுங்கள்.