0 = 0 என்று வந்தால் பிழை எங்கே?

"சேர், நான் உயர்தரம் படிக்கிறேன். இரண்டு பற்றறிகளைச் சமாந்தரமாகக் கட்டி ஒரு தடைக்கு மின் கொடுக்கும் கணக்கு. மூன்று ஓட்டங்கள் தெரியாது, அதனால் தெரிந்த மூன்று சுற்றுக்கும் கேர்ச்சோவின் விதியைப் போட்டு மூன்று சமன்பாடு எடுத்தேன். தீர்த்தால் 0 = 0 என்று வருகிறது. இன்னொரு விதமாகச் செய்தால் ஓர் ஓட்டம் மைனஸ். ரியூசனில் திசையை மாற்றித் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள். நான் எங்கே பிழை விடுகிறேன்?"
- ஒரு மாணவன், சாவகச்சேரி

தம்பி, உமது கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. மூன்று சமன்பாடு எழுதியதாக நினைக்கிறீர். உண்மையில் எழுதியது இரண்டுதான். மூன்றாவது, முதல் இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் தானாக வருவது. புதிய செய்தி எதையும் அது சொல்லாது.

எண்களை வைத்தே பார்ப்போம். புதிய பற்றறி 12.5 வோல்ற்று, அகத்தடை 0.1 ஓம். பழையது 11.8 வோல்ற்று, அகத்தடை 0.2 ஓம். வெளியே 3 ஓம் தடை. (நல்ல கார் பற்றறியின் அகத்தடை இதைவிட மிகக் குறைவு. கணக்கு கையால் செய்ய இலகுவாக இருக்கட்டும் என்று கூட்டி வைத்திருக்கிறேன்.) இரண்டு பற்றறியிலிருந்தும் மேல் சந்திக்கு வரும் ஓட்டங்கள் I1, I2, அங்கிருந்து தடைக்குள் இறங்குவது I3. இந்த அம்புகளை முதலில் படத்தில் பேனையால் கீறும். பென்சில் வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சுற்றைச் சுற்றி வருவது கிணற்றுக்குள் படியால் இறங்கித் திரும்ப ஏறுவது மாதிரி. எத்தனை படி இறங்கினீரோ அத்தனை ஏறினால்தான் புறப்பட்ட இடத்துக்கு வருவீர். பற்றறிக்குள் மைனஸிலிருந்து பிளஸுக்குப் போனால் ஏற்றம். தடைக்குள் அம்பின் வழியே போனால் இறக்கம். அவ்வளவுதான்.

```
மேல் சந்தி:          I1 + I2 - I3 = 0
புதியது + தடை:      0.1 I1 + 3 I3 = 12.5
பழையது + தடை:     0.2 I2 + 3 I3 = 11.8
இரு பற்றறிகள்:      0.1 I1 - 0.2 I2 = 0.7
```

இரண்டாம் வரியிலிருந்து மூன்றாம் வரியைக் கழித்துப் பாரும். நான்காவது வரி வந்து நிற்கும். நீர் எடுத்தது கடைசி மூன்றையும், சந்தியை விட்டுவிட்டீர். கீழ்ச் சந்திக்கும் ஒரு சமன்பாடு எழுதலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர். அது மேல் சந்தியின் சமன்பாடுதான், குறி மட்டும் மாறியிருக்கும்.

எத்தனை எடுக்க வேண்டும்? சந்திகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்தால் சந்திச் சமன்பாடுகள். மிச்சம் வேண்டியது சுற்றுகளிலிருந்து. இங்கே சந்தி இரண்டு, ஆகவே சந்திச் சமன்பாடு ஒன்று. ஓட்டம் மூன்று, ஆகவே சுற்று இரண்டு. எந்தச் சுற்றுகள் என்று தடுமாறினால், ஒவ்வொரு புதிய சுற்றிலும் முன்னைய சுற்றுகள் தொடாத ஒரு கிளையாவது இருக்கும்படி எடும். அப்படி எடுத்தால் 0 = 0 எட்டியும் பாராது. கேர்ச்சோவ் தன் விதிகளை 1845இல் மாணவனாக இருக்கும்போதே வெளியிட்டார். எத்தனை சுற்றுச் சமன்பாடு போதும் என்ற இந்தக் கேள்விக்கு 1847இல் தனியாகப் பதில் எழுதினார். விதியை மனப்பாடம் செய்விக்கிறோம், இந்த எண்ணிக்கையை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. பௌதிக ஆசிரியர் "மிச்சம் கணிதம்" என்கிறார், கணித ஆசிரியர் "இது பௌதிகம்" என்கிறார். பிள்ளை நடுவில் நிற்கிறது.

சரி, தீர்ப்போம். இரண்டாம் வரியில் I1 = 125 - 30 I3. மூன்றாம் வரியில் I2 = 59 - 15 I3. சந்திச் சமன்பாட்டில் போட்டால் 184 - 45 I3 = I3, அதாவது 46 I3 = 184. I3 = 4 அம்பியர். பிறகு I1 = 5, I2 = -1. பயன்படுத்தாத நான்காவது வரியை எறிந்துவிட வேண்டாம், விடையைச் சரிபார்க்க அதுதான் உதவும்: 0.5 + 0.2 = 0.7. சரி வருகிறது.

இப்போது அந்த மைனஸ். அதைப் பிழை என்று சொல்லித் திருப்பிச் செய்விப்பவர் உமது நேரத்தையும் காசையும் சேர்த்துத் தின்கிறார். மைனஸ் என்றால், நீர் கீறிய அம்புக்கு எதிர்த்திசையில் ஓட்டம் போகிறது என்று பொருள். அதை எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகலாம். பென்சில் வேண்டாம் என்றது இதற்குத்தான். மைனஸைக் கண்டதும் பிள்ளைகள் அம்பை அழித்துத் திருப்புகிறார்கள், ஆனால் ஒரு சமன்பாட்டில் மட்டும் குறியை மாற்றுகிறார்கள். மற்றது பழைய அம்புக்கே எழுதியபடி கிடக்கும். பிறகு வரும் விடை எந்தச் சுற்றுக்கும் உரியதல்ல.

இந்த மைனஸ் சொல்லும் கதையையும் கேளும். பழைய பற்றறி மின் கொடுக்கவில்லை, வாங்குகிறது. புதியது தனியாக இருந்தால் 12.5ஐ 3.1ஆல் வகுத்தால் போதும், ஏறத்தாழ 4.03 அம்பியர் கொடுக்கும். பழையதைப் பக்கத்தில் கட்டியதும் 5 கொடுக்க வேண்டியிருக்கிறது, தடைக்குக் கிடைப்பதோ 4ஆகக் குறைந்துவிட்டது. விளக்கை நிற்பாட்டிப் படுத்தாலும் 0.7ஐ 0.3ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது 2.3 அம்பியர் வரை, புதியதிலிருந்து பழையதற்கு ஓடத் தொடங்கும். மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோ சுற்றி றேடியோ கேட்ட ஆள் நான். அப்படியிருந்தும், "பழையதை ஏன் எறிகிறீர்கள், பக்கத்தில் கட்டுங்கள், இரட்டிப்பு நேரம் நிற்கும்" என்று ஒரு தரகர் சொன்னதை நம்பி, பாவித்த பற்றறி ஒன்றை வாங்கிக் கட்டினேன். புதியதும் சேர்ந்து பழுதானது. மூன்று வரி எழுதிப் பார்த்திருக்கலாம், எழுதவில்லை. யாராவது உமது வீட்டுக்கும் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தால், முதலில் இரண்டின் வோல்ற்றையும் தனித்தனியாக அளந்து காட்டச் சொல்லும்.

ஒரே ஓர் இடத்தில் 0 = 0 உமது குற்றம் அல்ல. கணக்கில் "அகத்தடை புறக்கணிக்கத்தக்கது" என்று போட்டு இரண்டு பற்றறிகளையும் சமாந்தரமாகக் கட்டியிருப்பார்கள். 0.1ஐயும் 0.2ஐயும் பூச்சியமாக்கிப் பாரும். இரண்டாம் வரி 3 I3 = 12.5 என்கிறது, மூன்றாம் வரி 3 I3 = 11.8 என்கிறது. நான்காவது வரியோ 0 = 0.7! இப்படி ஒரு சுற்று இருக்க முடியாது. அகத்தடை 0.01உம் 0.02உம் என்றால் தடையைக் கழற்றிய பிறகும் 23 அம்பியர் ஓடும்; பூச்சியத்தை நெருங்க நெருங்க அது எல்லை இல்லாமல் ஏறும், அதைத்தான் 0 = 0.7 சொல்கிறது. இரண்டும் 12.5 வோல்ற்றாகவே இருந்தால் நான்காவது வரி 0 = 0 ஆகும், சந்தியைச் சேர்த்தாலும் அது போகாது. I3 மட்டும் 4.17 அம்பியர் என்று கிடைக்கும். அதை இரண்டு பற்றறிகளும் எப்படிப் பங்கு போடுகின்றன என்று சமன்பாடு சொல்லாது, 4உம் 0.17உம் என்றாலும் பொருந்தும், ஆளுக்குப் பாதி என்றாலும் பொருந்தும். விடைத்தாளில் "ஆளுக்குப் பாதி" என்று எதிர்பார்ப்பார்கள். இரண்டு பற்றறிகளும் ஒரே மாதிரியானவை, சிறிய அகத்தடைகளும் சமம் என்று கேள்வியில் ஒரு வரி இருந்தால் அது சரி, பாதி என்று எழுதும். அந்த வரி இல்லாவிட்டால் I3ஐ மட்டும் எழுதி, பங்கைத் துணிய முடியாது என்று காரணத்தோடு எழுதும். வேறுவேறு வோல்ற்றில் அகத்தடை இல்லாமல் கட்டிய கணக்கு கையில் வந்தால் அதில் நேரத்தைச் செலவழிக்காமல், அதை ஆக்கிய சேரிடமே கொண்டுபோய் நான்காவது வரியைக் காட்டும்.