கரண்ட் போனாலும் அளவீடு போகக்கூடாது: மெமரி கார்டு லாகர் கேள்வி பதில்

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு மாணவர்: மொட்டை மாடியில வெப்பநிலையும் ஈரப்பதமும் நிமிஷத்துக்கு ஒரு வரின்னு ஊனோல எழுதுறேன். நேத்து கரண்ட் போச்சு, கார்டைப் போட்டுப் பார்த்தா ஃபைல் 0 பைட். எல்லாம் போச்சா அண்ணா?

போகவில்லை தம்பி, பெரும்பகுதி கார்டிலேயே இருக்கும், அதனால் அந்தக் கார்டில் இனி எதையும் எழுதாதீர்கள். `setup()`-இல் ஃபைலைத் திறந்துவிட்டு `println()` மட்டும் போட்டுக்கொண்டே போயிருப்பீர்கள். 512 பைட் சேர்ந்ததும் லைப்ரரி அதை ஒரு செக்டாராகக் கார்டுக்கு அனுப்பிவிடும், ஆனால் ஃபைல் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற குறிப்பை `flush()` அல்லது `close()` சொன்னால்தான் டைரக்டரியில் எழுதும். நீங்கள் சொல்லவே இல்லை, அதனால் எழுத்து இருக்கிறது, கணக்கில் 0 என்று இருக்கிறது. முதலில் கார்டு முழுவதையும் இமேஜாக எடுத்து வையுங்கள். அப்புறம் விண்டோஸில் `chkdsk E: /f` ஓட்டுங்கள் (E இருக்கும் இடத்தில் உங்கள் கார்டின் எழுத்து), தொலைந்த துண்டுகளை ஃபைலாக்கவா என்று கேட்டால் சரி சொல்லுங்கள். `FOUND.000` என்ற மறைந்த ஃபோல்டரில் `FILE0000.CHK` என்று கிடைக்கும், நோட்பேடிலேயே திறக்கும். ரேமில் காத்திருந்த கடைசித் துண்டு மட்டும் போனதுதான்.

பெரம்பூரிலிருந்து ஒருவர்: எதுக்கு இவ்வளவு? ஒவ்வொரு ரீடிங்குக்கும் flush() போட்டா முடிஞ்சுது. நான் ரொம்ப நாளா அப்படித்தான் ஓட்டுறேன், ஒண்ணும் ஆகல.

பாதி சரி. 0 பைட் பிரச்சினை அதோடு தீரும். ஆனால் ஒவ்வொரு `flush()`-க்கும் அதே செக்டார் திரும்ப எழுதப்படுகிறது, நீளம் மாறியதால் டைரக்டரியும் எழுதப்படுகிறது, ஃபைல் வளர வளர அவ்வப்போது ஃபேட் அட்டவணையும். நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு நாளில் 1440 தடவை. கார்டு எழுதிக்கொண்டிருக்கும் அந்த நொடியில் கரண்ட் போனால்தான் சேதம், நீங்கள் அந்த நொடிகளைக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள். இன்னொன்று, கார்டுக்குள் இருக்கிற ஃபிளாஷில் ஒரு செக்டாரை மட்டும் அழித்து எழுத முடியாது, பெரிய பிளாக்காகத்தான் அழியும், அதனால் உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் பக்கத்துத் தரவையும் சேர்த்து இடம் மாற்றும். நடுவில் நின்றால் நீங்கள் தொடாத போன வார ஃபைல்கூடக் கெடலாம். `flush()` இதைத் தடுக்காது.

என் வழி, கார்டைக் குறைவாகத் தொடுவது. நிமிட வரியை எப்போதும் 32 பைட்டாக வைத்துக்கொள்ளுங்கள்:

```
2025-05-14T13:05:00,31.2,068*76
```

நட்சத்திரத்துக்குப் பின்னால் இருப்பது அதற்கு முந்தைய எல்லா எழுத்துகளின் எக்ஸ்ஓஆர் கூட்டு, ஹெக்ஸில்; வரி முழுதாக வந்ததா என்று அது சொல்லிவிடும். வரி முடிவோடு சேர்த்துச் சரியாக 32. 16 வரி ஒரு செக்டார், ஒரு நாள் 90 செக்டார், அதாவது 46,080 பைட். நள்ளிரவில் புது நாளின் ஃபைலை உருவாக்கி, முழு நீளத்துக்கும் வெற்றிடம் நிரப்பி மூடிவிடுங்கள். இனி அந்த நாள் முழுக்க அதன் நீளம் மாறாது, டைரக்டரியையும் ஃபேட்டையும் தொட வேண்டியதே இல்லை. எந்த வரி எங்கே போக வேண்டும் என்பதை நேரமே சொல்லிவிடும்.

அதுவரை வரிகள் எங்கே இருக்கும்? டிஎஸ்3231 என்று நாம் வாங்குகிற நீல நிறக் கடிகார மாட்யூலில் பெரும்பாலும் 24சி32 என்ற 4 கேபி ஈப்ராமும் இருக்கும், முகவரி `0x57`, யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. அதன் ஒரு பக்கம் 32 பைட், மொத்தம் 128 பக்கம். வரியை உடனே அதில் எழுதுங்கள், 16 சேர்ந்ததும் கார்டில்:

```cpp
uint16_t slot = t.hour() * 60 + t.minute();
uint16_t ee = (slot % 128) * 32;
// வரியை ee முகவரியில் எழுதிய பிறகு
if (slot % 16 == 15) {
  File f = SD.open(name, O_READ | O_WRITE);
  f.seek((uint32_t)(slot - 15) * 32);
  // ஈப்ராமிலிருந்து 16 வரி, தேதியும் நேரமும் பொருந்தாத வரிக்குப் பதில் வெற்றிடம், பிறகு f.close()
}
```

`FILE_WRITE` போட்டுவிடாதீர்கள், அது `seek()`-ஐ மதிக்காமல் கடைசியில் போய் ஒட்டும். கரண்ட் திரும்பியதும் 128 பக்கத்தையும் படித்து, கூட்டு சரியாக இருக்கிற ஒவ்வொரு வரியையும் அதன் தேதிக்குரிய ஃபைலில் அதன் இடத்திலேயே எழுதிவிடுங்கள். ஏற்கெனவே எழுதியதை மறுபடி எழுதினாலும் கெடுதல் இல்லை, பாதியில் நின்ற செக்டாரும் சரியாகிவிடும். ஆனால் நம் ஊரில் கரண்ட் ஒரே தடவையில் வராது, வந்து, போய், மறுபடி வரும். பத்து விநாடியாவது பொறுத்திருந்து கார்டைத் தொடுங்கள்.

வேளச்சேரியிலிருந்து: செஞ்சு பார்த்தேன் சார். ஈப்ராம்ல ஒவ்வொரு வரியிலயும் கடைசி ரெண்டு எழுத்து வரவே இல்ல.

ஊனோவின் `Wire` ஒரு தடவைக்கு 32 பைட்தான் அனுப்பும், அதில் இரண்டு பைட் முகவரிக்கே போய்விடுகிறது. 16, 16 ஆகப் பிரித்து எழுதுங்கள், நடுவில் 10 மில்லி விநாடி விடுங்கள். தேய்மானம் பற்றிக் கவலை வேண்டாம். பத்து லட்சம் தடவை தாங்கும் என்கிற சிப், ஒரு பக்கத்துக்கு நாளைக்கு 22, 23 எழுத்துதான் விழுகிறது.

தாம்பரத்திலிருந்து: ஒவ்வொரு தடவை கரண்ட் வந்ததும் நேரம் பழைய தேதிக்குப் போயிடுது. பேட்டரி புதுசுதான் போட்டேன்.

பேட்டரி இல்லை, உதாரண நிரலிலிருந்து எடுத்த `rtc.adjust` வரி. புரோகிராமை கம்பைல் செய்த நேரத்தை ஒவ்வொரு தொடக்கத்திலும் திணிக்கிறது. நேரமே இடத்தைத் தீர்மானிக்கிற என் முறையில் இது பழைய நாளின் நல்ல வரிகள் மேல் எழுதிவிடும், அதனால் முதலில் இதைத் திருத்துங்கள்:

```cpp
if (rtc.lostPower()) stopLogging();
```

`stopLogging()` நீங்கள் எழுத வேண்டியது: ஒரு எல்இடியை மின்னவிட்டு, யாராவது நேரம் சரிசெய்யும் வரை எழுதாமல் நிற்க வேண்டும். அந்த மாட்யூலில் சார்ஜ் சர்க்யூட் இருந்தால் சாதாரண சிஆர்2032 போடாதீர்கள், அது சார்ஜ் ஏற்றும் செல் அல்ல. அதைத்தான் போட வேண்டுமென்றால் முதலில் டயோடையோ அதை ஒட்டிய ரெசிஸ்டரையோ எடுத்துவிடுங்கள்.

ஆவடியிலிருந்து: என் ஃபைலும் 0 பைட் காட்டுது, என்ன செய்யலாம்?

முதல் பதில்.

போரூரிலிருந்து: போன்ல மெமரி கார்டு எடுத்ததும் போட்டோ எல்லாம் காணோம், இதே chkdsk போடலாமா?

வேண்டாம், இது வேறு விஷயம். கார்டில் எதையும் எழுதாமல், மீட்பு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அம்பத்தூரிலிருந்து, பேனல் வேலை செய்பவர்: 12 வோல்ட் அடாப்டர் பக்கமே பெரிய கெப்பாசிட்டர் போட்டா இந்த ஈப்ராம் வேலையே வேணாமே? கரண்ட் போறது தெரிஞ்சதும் ஃபைலை மூடிடலாம்.

நல்ல யோசனை, ஆனால் கணக்கு போட்டுப் பாருங்கள். லோடு 150 மில்லி ஆம்பியர், கெப்பாசிட்டரில் 10 வோல்ட் ஆனதும் கண்டுபிடிக்கிறோம், ரெகுலேட்டருக்கு 7 வோல்ட் வேண்டும், அப்படியானால் பயன்படுவது 3 வோல்ட்தான். கார்டு ஒரு எழுத்துக்கு 250 மில்லி விநாடி வரை எடுக்கலாம். 0.15 × 0.25 ÷ 3, அதாவது 12,500 மைக்ரோ ஃபாரட். 4,700 மூன்று போட்டால் 280 மில்லி விநாடி, ஒரு எழுத்துக்குத்தான் போதும், மூடும்போது மூன்று நான்கு எழுத்து நடக்கும். என் முறையோடு சேர்த்துப் போட்டால் அருமை: தொடங்கிய செக்டார் முடியட்டும், புதிதாக எதையும் தொடங்காதீர்கள்.

பெரம்பூர்க்காரர் மறுபடி: கெப்பாசிட்டர் இருந்தா flush() போதும்னு நீங்களே ஒத்துக்கிறீங்க. ஊனோ வோல்டேஜ் குறைஞ்சா தானா நின்னுடுமே.

ஒத்துக்கொள்ளவில்லை. ஊனோவில் பிரவுன்-அவுட் 2.7 வோல்ட்டில் இருக்கிறது, 16 மெகாஹெர்ட்ஸில் சிப் ஒழுங்காக ஓட ஏறக்குறைய 3.8 வேண்டும். நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில் அது நிற்காமல் தாறுமாறாக ஓடி, கார்டுக்கு எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். ஃபியூஸை 4.3-க்கு மாற்றுங்கள், இது எந்த முறைக்கும் பொருந்தும். 4,700-ஐ மூன்றிலிருந்து பன்னிரண்டாக்கினால் உங்கள் வழி நிற்கலாம். ஆனால் பேனலில் அதற்கு இடம் இருக்கிறதா என்று அம்பத்தூர்க்காரர்தான் சொல்ல வேண்டும்.

அம்பத்தூர்: இடம் இல்லை. ஆனா ஈப்ராம்ல எழுதும்போதே கரண்ட் போனா?

ஒரு நிமிட வரி போகும், அவ்வளவுதான், கூட்டு தப்பாக இருப்பதால் தொடக்கத்திலேயே விட்டுவிடும்.