சுட்டி பச்சை, சந்தை சிவப்பு: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மூன்று வாரமாகத் தரகரிடமிருந்து வரும் குறுஞ்செய்தி எல்லாம் 'சுட்டி உயர்வு' என்றுதான் சொல்கிறது. என் கணக்கில் 14 கம்பனிகளின் பங்குகள் இருக்கின்றன. அவற்றில் பத்து சிவப்பில் நிற்கின்றன. ஏறிய பங்குகள் எத்தனை, இறங்கியவை எத்தனை என்று பார்க்கச் சொல்கிறார்கள். நானும் பார்த்தேன். ஒருநாள் 130 ஏறுகிறது, அடுத்த நாள் 90. இதிலிருந்து ஏற்றம் உண்மையானதா இல்லையா என்று எப்படி முடிவு செய்வது?

வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் சுட்டி எப்படி ஏறுகிறது என்பதைப் பார்ப்போம். கொழும்பின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டி சந்தை மூலதனத்தை வைத்துக் கணிக்கப்படுவது. ஒரு கம்பனி வெளியிட்ட பங்குகள் அனைத்தையும் விலையால் பெருக்கினால் வரும் தொகைதான் சுட்டியில் அதன் எடை. பெரும் பங்குதாரர் விற்காமல் பூட்டி வைத்திருக்கும் பங்குகளும் அந்தக் கணக்கில் சேரும். ஆகவே 90 வீதம் தாய்க் கம்பனியிடம் இருக்கும் ஒரு பங்கில், சந்தையில் சில நூறு பங்குகளே கைமாறி விலை ஐந்து ரூபாய் கூடினாலும், அந்த ஐந்து ரூபாய் மொத்தப் பங்குகளுக்கும் கூடியதாகவே சுட்டி எடுத்துக்கொள்ளும். கொழும்பின் இன்னொரு சுட்டியான எஸ் அன்ட் பி எஸ்எல்20 அப்படியல்ல. அது பொதுமக்கள் கையில் புழங்கும் பங்குகளை மட்டும் கணக்கில் எடுக்கிறது. இந்த இரண்டும் வேறு வேறு பக்கம் போகும் நாட்களில் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. சுட்டி 20,000, மொத்தச் சந்தை மூலதனம் 8,000 பில்லியன் ரூபாய். அப்படியானால் ஒரு புள்ளியின் பெறுமதி 400 மில்லியன் ரூபாய். 5 பில்லியன் பங்குகள் வெளியிட்ட ஒரு கம்பனி அன்று 8 ரூபாய் ஏறினால் 40 பில்லியன் சேரும். அதாவது 100 புள்ளி. 500 மில்லியன் பங்குகள் உள்ள இன்னொன்று 20 ரூபாய் ஏறினால் 25 புள்ளி. இரண்டுமாக 125. ஆனால் அன்று சுட்டி ஏறியது 110 புள்ளிதான். அப்படியென்றால் மற்ற எல்லாக் கம்பனிகளும் சேர்ந்து 15 புள்ளியைக் கீழே இழுத்திருக்கின்றன. குறுஞ்செய்தியில் '110 புள்ளி உயர்வு' என்று வரும். உங்கள் கணக்கில் சிவப்புத் தெரியும். இரண்டும் பொய்யில்லை.

அன்று ஏறியவை 74, இறங்கியவை 121, மாறாதவை 48 என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை மாறிய 195 பங்குகளில் ஏறியவை 38 வீதம். 'மாறாதவை'யை இந்த வகுத்தலில் சேர்க்காதீர்கள். கொழும்பில் அந்தத் தொகை பெரியது. அதிலும் அன்று வர்த்தகமே நடக்காத பங்குகளைச் சில அட்டவணைகள் 'மாறாதவை'யில் போடும், சில போடாது. அதனால் ஓர் இடத்தில் எடுத்த எண்ணையும் இன்னோர் இடத்தில் எடுத்த எண்ணையும் ஒப்பிட்டால் கணக்குப் பிழைத்துவிடும்.

ஒரு நாள் எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. நீங்கள் குழம்பியது அங்கேதான். ஏறியவற்றிலிருந்து இறங்கியவற்றைக் கழித்து, வரும் மிச்சத்தை நாள்தோறும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். மேலே சொன்ன நாளை வெள்ளியாக வைத்து அந்த வாரத்தைப் பாருங்கள். திங்கள் 131க்கு 82, மிச்சம் 49. செவ்வாய் 112க்கு 104. மிச்சம் 8, கூட்டுத்தொகை 57. புதன் 96க்கு 115, கூட்டுத்தொகை 38. வியாழன் 88க்கு 119, கூட்டுத்தொகை 7. வெள்ளி 74க்கு 121. கூட்டுத்தொகை கழித்தல் 40. ஐந்து நாளும் சுட்டி ஏறியதாக வைத்துக்கொண்டால், சுட்டியின் உச்சம் வெள்ளி. கூட்டுத்தொகையின் உச்சம் செவ்வாய். இந்தக் கூட்டுத்தொகையைத்தான் ஏற்ற இறக்கக் கோடு என்கிறோம். அதன் அளவு 57 ஆக இருப்பதோ 5,700 ஆக இருப்பதோ முக்கியமில்லை, அது நீங்கள் எந்த நாளில் தொடங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. சுட்டி புதிய உச்சம் தொடும்போது கோடும் தன் பழைய உச்சத்தைத் தாண்டுகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

ஐந்து நாள் விலகல் ஒரு பொருட்டல்ல. ஆறு முதல் எட்டு வாரம் வரை, சுட்டி இரண்டு மூன்று தடவை புதிய உச்சம் போட்டும் கோடு ஒவ்வொரு தடவையும் முந்தியதை விடக் கீழேயே நின்றால்தான் நான் அதை எழுதி வைத்துக்கொள்வேன்.

இனி, எண்ணை நீங்களே எடுக்கும் வழி. ஆயத்தமாகக் கிடைக்கும் எண்ணை விட இது நல்லது, ஏனென்றால் கொழும்பில் குப்பை அதிகம். பரிவர்த்தனையின் தளத்தில் அன்றைய வர்த்தகச் சுருக்கம் கிடைக்கும். சந்தை பிற்பகல் 2.30க்கு மூடிய பிறகு அதை ஒரு தாளில் இறக்குங்கள். B நிரலில் குறியீடு, D நிரலில் வர்த்தகங்களின் எண்ணிக்கை, K நிரலில் வீத மாற்றம் இருக்கும்படி ஒழுங்கு செய்யுங்கள். அந்த அட்டவணையில் Share Volume என்பது கைமாறிய பங்குகள். Trade Volume என்பது எத்தனை தடவை கைமாறின என்பது. நமக்கு வேண்டியது இரண்டாவது. பெயரைப் பார்த்து மாற்றி எடுத்துவிடுவது வழமையான பிழை.

```
=COUNTIFS(D2:D300,">=10",K2:K300,">0")
=COUNTIFS(D2:D300,">=10",K2:K300,"<0")
=MEDIAN(IF(D2:D300>=10,K2:K300))
```

முதல் வரி ஏறியவை, இரண்டாவது இறங்கியவை, மூன்றாவது நடுப்பங்கின் மாற்றம், அதாவது வீத மாற்றங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது. பழைய எக்செல் என்றால் மூன்றாவதை Ctrl+Shift+Enter அழுத்திப் போட வேண்டும். குறைந்தது பத்து வர்த்தகம் என்ற வரம்பு என் தெரிவு; ஐந்து என்று வைத்தாலும் பிழையில்லை, இடையில் மாற்றாமல் இருந்தால் சரி. அந்த வரம்பு இல்லாவிட்டால், ஒருவர் பத்துப் பங்கு வாங்கியதால் 'ஏறிய' கம்பனியும், ஆயிரம் பேர் வாங்கியதால் ஏறிய கம்பனியும் ஆளுக்கு ஒரு வாக்குப் போடும்.

சூத்திரம் போடுவதற்கு முன் மூன்று வகை வரிகளைக் கவனியுங்கள். ஒன்று, இரட்டை. COMB.N0000, COMB.X0000 இரண்டும் ஒரே வங்கி; முன்னது வாக்குரிமை உள்ளது, பின்னது இல்லாதது. வங்கிப் பங்குகள் ஏறும் நாளில் இப்படிப்பட்டவை இரண்டு தடவை எண்ணப்பட்டுவிடும். X0000 வரிகளை எடுத்துவிடுங்கள்.

இரண்டு, சில்லறை. மலிவுப் பங்குகளில் விலை பத்துச் சதம் பத்துச் சதமாகத்தான் நகரும். 60 சதப் பங்கு ஒரே அடி எடுத்து வைத்தால் 70 சதம், அதாவது 16.7 வீதம். வாங்குபவர் கேட்கும் விலையில் ஒரு வர்த்தகமும் விற்பவர் கேட்கும் விலையில் இன்னொன்றும் நடந்தால், எதுவுமே நிகழாமல் இந்தப் பங்கு நாளுக்கொரு முறை ஏறியும் இறங்கியும் காட்டும். இரண்டு ரூபாய்க்குக் கீழ் உள்ளவற்றை நான் எண்ணுவதில்லை. சந்தை சூடேறும்போது கூட்டம் கடைசியாக வந்து சேரும் இடமும் இந்த மலிவுப் பங்குகள்தான். அப்போது இவை எண்ணிக்கையைத் தூக்கி, எல்லாம் நலமே என்று காட்டிவிடும்.

மூன்று, பங்கிலாபம். பங்கிலாபம் நீங்கிய நாளில், அதாவது எக்ஸ்டி அன்று, விலை அந்தத் தொகையளவு இறங்குவது இயல்பு. அதை யாரும் விற்று இறக்கவில்லை. பங்கிலாபப் பருவத்தில் ஒரே நாளில் பல கம்பனிகள் எக்ஸ்டி ஆகும்போது இறங்கியவற்றின் எண்ணிக்கை போலியாக வீங்கும். பங்குப் பிரிப்பிலும் இதே தொல்லை உண்டு. ஒன்றைப் பத்தாகப் பிரித்த நாளில் உங்கள் தாளில் முந்திய இறுதி விலை திருத்தப்படாமல் இருந்தால் 90 வீத வீழ்ச்சி என்று காட்டும்.

ஏறிய பங்குகளின் புரள்வையும் இறங்கியவற்றின் புரள்வையும் ஒப்பிடும் முறை நியூயோர்க்கில் நன்றாக வேலை செய்கிறது. இங்கே ஒரு பெரிய குரொசிங் நடந்தால் அன்றைய புரள்வில் பாதியை அதுவே தின்றுவிடும். இரு தரப்பும் முன்கூட்டியே பேசி முடித்த கைமாற்றம் அது. குரொசிங்கைக் கழிக்காமல் அந்த விகிதத்தைப் பார்ப்பதில் பயனில்லை.

கோடு விலகினால் உடனே விற்க வேண்டுமா? நியூயோர்க் பரிவர்த்தனையின் ஏற்ற இறக்கக் கோடு 1998 ஏப்ரலில் உச்சம் தொட்டது. எஸ் அன்ட் பி 500 சுட்டி உச்சம் தொட்டதோ 2000 மார்ச்சில். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். கோட்டை நம்பி முதல் மாதமே வெளியேறியவர் சரியாகத்தான் கணித்தார், ஆனால் அடுத்த இரண்டு ஆண்டு ஏற்றமும் அவருக்கு இல்லை. மறுபக்கம், 2020 பெப்ரவரியில் கோடும் சுட்டியும் சேர்ந்தே உச்சத்தில் நின்றன. ஒரு விலகலும் இல்லை. ஐந்து வாரத்துக்குள் அந்தச் சுட்டி 34 வீதம் விழுந்தது. ஏற்றம் எத்தனை தோள்களில் நிற்கிறது என்பதைக் கோடு சொல்லும். வெளியிலிருந்து வரும் அடியை அது சொல்லாது. 2022இல் டொலர் இல்லாமல் நாடு முடங்கி, ஜனவரியில் 13,000ஐத் தாண்டிய நம் சுட்டி ஆண்டு முடிவில் 8,500க்கு அருகில் வந்து நின்றதை எண்ணும்போதும் இதை நினைவில் வையுங்கள்.

ஆகவே விலகல் தெரிந்தால் நான் செய்யச் சொல்வது சிறியது: சுட்டியைப் பார்த்துப் புதிதாக வாங்குவதை நிறுத்துங்கள். கடன் வைத்து வாங்கியது இருந்தால் அதை முதலில் குறையுங்கள். மற்றவற்றை அதனதன் கணக்கறிக்கையை வைத்துப் பாருங்கள்.

உங்கள் பத்துச் சிவப்புப் பங்குகளைப் பற்றி. மேலே தந்த மூன்றாவது சூத்திரம் தரும் எண்ணை மூன்று வாரத்துக்கும் எடுத்துப் பாருங்கள். நடுப்பங்கு பெரும்பாலான நாட்களில் கழித்தலில் இருந்தால், உங்களுக்கு நடந்தது சந்தையில் பாதிப் பங்குகளுக்கு மேல் நடந்ததுதான். தெரிவில் குற்றம் காண அது போதாது. நடுப்பங்கு கூட்டலில் இருந்தும் உங்களுடையவை பத்து சிவப்பு என்றால் சுட்டியை விட்டுவிட்டு அந்தப் பத்தின் கடைசிக் காலாண்டு அறிக்கைகளை எடுங்கள். அந்தப் பெயர்களை எனக்கு அனுப்ப வேண்டாம். தனிப் பங்குகளுக்கு இங்கே பதில் சொல்வதில்லை.