ஆர்கானின் என்ட்ரோபி 602 வந்தால் எங்கே தப்பு?

கிளெமெண்டியில் சனிக்கிழமை மாலைகளில் சிலர் கூடி இயற்பியலும் வேதியியலும் தமிழில் பேசுவோம். இந்த வாரம் வந்த கேள்விகள் எல்லாம் பார்ட்டிஷன் ஃபங்ஷனைச் சுற்றியே இருந்தன. எல்லாவற்றுக்கும் ஆர்கானையே எடுத்துக்கொண்டேன். அது ஒற்றை அணு வாயு; சுழற்சி, அதிர்வு என்ற தொல்லை இல்லை.

"பார்ட்டிஷன் ஃபங்ஷன் வெறும் ஒரு எண்தானே சார், அதுக்குள்ளே ஆற்றல் எங்கே இருக்கு?" (ஜேசி மாணவி, ஈசூன்)

எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாதும்மா. வெப்பநிலையைக் கொஞ்சம் ஏற்றினால் அந்த எண் எவ்வளவு வளர்கிறது என்று பார். ஓர் அணு இருக்கக்கூடிய ஒவ்வொரு நிலைக்கும் e^(−E/kT) என்று ஓர் எடை உண்டு; எல்லா எடைகளையும் கூட்டினால் வருவது q. வெப்பநிலை ஏறும்போது, ஆற்றல் அதிகமுள்ள நிலைகளின் எடைதான் வேகமாக ஏறும். ஆகவே q வளரும் வேகத்துக்குள் சராசரி ஆற்றல் ஒளிந்திருக்கிறது. அதை வெளியே எடுக்கும் வழி:

```
U = N k T² × d(ln q)/dT
```

ஆர்கானுக்கு q = V/Λ³. இதில் Λ என்பது வெப்ப அலைநீளம், h/√(2πmkT); h என்பது பிளாங்க் மாறிலி. வெப்பநிலை ஏற ஏற Λ சுருங்கும், அதனால் q என்பது T^(3/2) போல வளரும். மடக்கை எடுத்தால் ln q = 1.5 ln T, கூடவே T இல்லாத ஏதோ ஒரு தொகை. அந்தத் தொகைக்குள் கன அளவு, நிறை, h எல்லாம் இருக்கின்றன. வகையிடும்போது அவை அத்தனையும் மறைந்துவிடும். மிஞ்சுவது 1.5/T. அதை kT²-ஆல் பெருக்கினால் ஓர் அணுவுக்கு 1.5 kT. ஒரு மோலுக்கு 298 கெல்வினில் ஏறத்தாழ 3.72 கிலோஜூல். அணு கனமா லேசா என்பது இந்த விடையில் எங்குமே இல்லை பார்த்தாயா? அது என்ட்ரோபியில் வந்து நிற்கும்.

"S = U/T + k ln Q என்று எக்செல்லில் போட்டேன். ஆர்கானுக்கு 602 வருகிறது, அட்டவணையில் 154.8. எங்கே தப்பு?" (பல்கலைக்கழக மாணவர்)

தம்பி, உங்கள் தாளைப் பார்த்தேன். Q என்பது N அணுக்களுக்கும் சேர்த்த பார்ட்டிஷன் ஃபங்ஷன்; அது இருக்கும் கட்டத்தில் q^N மட்டும் இருக்கிறது, N! இல்லை. ஆர்கான் அணுக்களுக்குப் பெயர்ச்சீட்டு கிடையாது. இந்த அணு அங்கேயும் அந்த அணு இங்கேயும் மாறினால் அது புதிய நிலை ஆகாது. ஒரே நிலையை N! தடவை எண்ணியிருக்கிறீர்கள். Q = q^N/N! என்று போட்டு, ln N! என்பதை N ln N − N என்று எடுத்துக்கொண்டால்:

```
S = R [ ln(q/N) + 5/2 ]
```

அந்த 5/2-இல் ஒன்றரை U/T-யிலிருந்து வருகிறது, ஒன்று N!-இலிருந்து வருகிறது.

இனி எண்களைப் போடுவோம். 298.15 கெல்வினில் ஆர்கானின் Λ 1.60 × 10⁻¹¹ மீட்டர். Λ³ என்பது 4.09 × 10⁻³³ கன மீட்டர். 1 பார் அழுத்தத்தில் ஓர் அணுவின் பங்குக்கு வரும் இடம் kT/p, அதாவது 4.12 × 10⁻²⁶ கன மீட்டர். இரண்டையும் வகுத்தால் ஏறத்தாழ 10 மில்லியன். மடக்கை 16.12, அதோடு 2.5 சேர்த்தால் 18.62, R-ஆல் பெருக்கினால் 154.8 ஜூல். இந்தச் சமன்பாட்டை 1912-இல் சாக்கர், டெட்ரோட் என்ற இருவர் தனித்தனியாக வந்தடைந்தார்கள். அப்போது டெட்ரோடுக்குப் பதினேழு வயதுகூட ஆகியிருந்ததோ இல்லையோ.

"N! ஆற்றலை மாற்றாது. என்ட்ரோபியிலும் வித்தியாசம்தானே முக்கியம்? அப்படியானால் அது விடை ஒத்துவர ஒட்டவைத்த ஒட்டு." (டியூஷன் ஆசிரியை, உட்லண்ட்ஸ்)

முதல் பாதி சரி அக்கா. N!-இல் T இல்லை, அதனால் U அசையாது. அணு எண்ணிக்கை மாறாதவரை என்ட்ரோபி வித்தியாசமும் அசையாது. அடுத்த பாதியில்தான் ஒத்துப்போக முடியவில்லை. ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் இரண்டு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு மோல் ஆர்கான். நடுத் தடுப்பை எடுத்துவிடுங்கள். ஒன்றும் நடக்கவில்லை, தடுப்பைத் திரும்பப் போட்டால் பழைய நிலையே. ஆனால் N! இல்லாத கணக்கு 2R ln 2, அதாவது 11.5 ஜூல் என்ட்ரோபி கூடிவிட்டது என்று சொல்லும்.

"சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காரணம் குவாண்டம்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? கிப்ஸ் அதற்கு முன்பே இப்படி எண்ணியவர்தானே?" (அதே ஆசிரியை)

உண்மைதான், 1902-லேயே கிப்ஸ் அப்படி எண்ணினார். என் மனம் குவாண்டம் பக்கம் சாய்கிறது. இது எண்ணும் முறையைப் பற்றியது, குவாண்டம் வேண்டியதில்லை என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. இதை நாம் அன்று முடிக்கவில்லை.

"வெல்டிங்குக்கு 150 பார் ஆர்கான் சிலிண்டர் வைத்திருக்கிறோம். அழுத்தம் அவ்வளவு இருந்தால் உள்ளே ஆற்றலும் அவ்வளவு அதிகம்தானே?" (ஜூரோங் தீவில் வேலை செய்பவர்)

இல்லை அண்ணே. மேலே பார்த்தோமே, கன அளவு வகையிடும்போது மறைந்துவிட்டது. வெப்பநிலை ஒன்றாக இருந்தால், சிலிண்டருக்குள் அடைபட்ட ஒரு மோலுக்கும் வெளியே இருக்கும் ஒரு மோலுக்கும் அக ஆற்றல் ஒன்றுதான். குறைந்திருப்பது என்ட்ரோபி: R ln 150, ஏறத்தாழ 42 ஜூல். சிலிண்டர் ஆபத்தானது, அதில் சந்தேகமே இல்லை. அடைபட்ட வாயு விரியும்போது வேலை செய்யும். அந்த வேலைக்கான ஆற்றலை வாயு குளிர்ந்தும், சுற்றியிருப்பதிலிருந்து வெப்பம் வாங்கியும் கொடுக்கும்.

ஆனால் நீங்கள் கேட்டதில் இன்னொரு நியாயம் இருக்கிறது. ரெகுலேட்டரைத் திறந்து வேகமாக விட்டால் அது சில்லென்று ஆகும் என்று நீங்களே சொன்னீர்கள். எளிய கணக்குப்படி, அப்படி நெருக்கி வெளியேறும் வாயுவின் வெப்பநிலை மாறக்கூடாது. 150 பாரில் அணுக்கள் ஒன்றையொன்று இழுப்பதை q-வில் நாம் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் Q-வைத் தனித்தனி q-க்களாகப் பிரிக்க முடியாது. உங்கள் கையில் படும் அந்தக் குளிர்ச்சிதான் V/Λ³-இன் எல்லை.

"N! சேர்த்துவிட்டேன். இப்போது 241 வருகிறது!" (பல்கலைக்கழக மாணவர்)

மோலார் நிறையைக் கிராமில் போட்டிருக்கிறீர்கள். நிறை ஆயிரம் மடங்கானால் என்ட்ரோபி 1.5 R ln 1000, அதாவது 86 ஜூல் கூடும். விடை சரியாக 86 தள்ளி நின்றால் வேறெங்கும் தேட வேண்டாம், அலகைப் பாருங்கள்.

"வெப்பநிலையைச் சுழியம் வரை இறக்கினால் இந்தச் சூத்திரம் மைனஸ் கணக்கில் போகிறதே சார்?" (ஜேசி மாணவி)

போகும். நிலைகளைக் கூட்டுவதற்குப் பதில் தொகையிட்டுத்தான் V/Λ³ வந்தது. ஓர் அணுவின் இடத்துக்குள் Λ³ பல தடவை அடங்கும்வரைதான் அது செல்லும். ஆனால் ஆர்கான் அங்கே போகும்முன்பே 87 கெல்வினில் திரவமாகிவிடும். அந்த இடத்தில்கூட விகிதம் ஏறத்தாழ 467,000. சூத்திரம் இன்னும் திடமாகவே நிற்கிறது.

அந்த 154.8-ஐச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. ஆர்கானை உறையவைத்து, சுழியத்துக்கு அருகிலிருந்து சிறிது சிறிதாகச் சூடேற்றி, கொடுத்த வெப்பத்தை அந்தந்த வெப்பநிலையால் வகுத்துக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். உருகும் இடமும் கொதிக்கும் இடமும் சேர்த்து. அப்படி அளந்தாலும் 298 கெல்வினில் கிடைப்பது 154.8-ஐ ஒட்டியே இருக்கும். அந்த அளவீட்டில் யாரும் h-ஐத் தொடவே இல்லை.