ஒரு உடுப்புக்கு ஒரு வரி: தையல் ஓடர் கொப்பி எழுதும் முறை

கேள்வி: களுவாஞ்சிகுடியில் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறேன். கூட இரண்டு பிள்ளைகள் தைக்கிறார்கள். கொப்பியில் பெயர், அளவு, கொடுக்கும் திகதி எல்லாம் எழுதுகிறேன். அப்படியிருந்தும் தீபாவளி நேரத்தில் இரண்டு பேரின் துணி மாறிவிட்டது. ஒரு அக்கா "நான் தந்தது இரண்டரை மீற்றர், உங்களிடம்தான் குறைந்தது" என்கிறா. கொப்பியை எப்படி எழுதினால் இது வராது?

பதில்: உங்கள் கொப்பியில் ஒரு ஆளுக்கு ஒரு வரி இருக்கும் என்று நினைக்கிறேன். ஒருவர் மூன்று உடுப்புக்குத் துணி தந்தால் மூன்றும் அந்த ஒரு வரிக்குள் நெருக்கி எழுதப்படும். எது வெட்டியாயிற்று, எது இன்னும் பையில் கிடக்கிறது என்று பிறகு பார்த்தாலும் தெரியாது. ஆகவே இனி ஒரு உடுப்புக்கு ஒரு வரி எழுதுங்கள். கோடு போட்ட சி.ஆர். கொப்பியே போதும், ஒரு ஓடருக்கு ஒரு பக்கம் விடுங்கள்.

ஒரு உதாரணம். ஒரு அம்மா பட்டுச் சாரியும், மகளுக்கு வெள்ளை யூனிஃபோம் துணியும், ஒரு சல்வார் துணியும் கொண்டு வருகிறா. ஓடர் இலக்கம் 147. பக்கத்தின் மேலே பெயர், தொலைபேசி இலக்கம், முற்பணம். கீழே 147/1 சாரி பிளவுஸ், 147/2 யூனிஃபோம், 147/3 சல்வார் என்று மூன்று வரி. ஒவ்வொரு வரியிலும் துணி, அளவு, வெட்டும் திகதி, கொடுக்கும் திகதி. அதே இலக்கத்தை ஒரு சிறு துணித்துண்டில் அழியாத பேனையால் எழுதி, துணியின் கரையோரமாகக் குத்திவிடுங்கள். பட்டின் நடுவில் குத்தினால் துளை நிற்கும். வாடிக்கையாளரின் சிட்டையிலும் இதே இலக்கம் இருக்கட்டும். காபன் வைத்து எழுதினால் இரண்டும் வேறுபடாது.

துணி மாறுவது பெரும்பாலும் வெட்டிய பிறகுதான். முழுத்துணியில் குத்திய இலக்கம் வெட்டும்போது ஒரு துண்டோடு போய்விடும். கையும் கழுத்துப்பட்டியும் அடையாளம் இல்லாமல் மேசையில் கிடக்கும். வெள்ளை யூனிஃபோமில் இது இன்னும் மோசம், எல்லாத் துணியும் ஒரே மாதிரி. சோக்கால் எழுதினால் கை பட்டே அழிந்துவிடும். ஆகவே வெட்டிய துண்டுகள், லைனிங், ஹூக், மிஞ்சிய துணி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, இலக்கத்தைப் பைக்கு மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பைதான் மேசைக்கு வரவேண்டும். தைக்கும் பிள்ளைகளிடம் இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

இனி அந்த இரண்டரை மீற்றர். நம் பக்கத்தில் கடைக்காரர் மீற்றரில் அளப்பார், வயதான அம்மாமார் யாரில் சொல்வார்கள். ஒரு யார் என்பது 91.44 சென்ரிமீற்றர். இரண்டரை யார் துணி 228.6 சென்ரிமீற்றர்தான், இரண்டரை மீற்றரை விட 21 சென்ரிமீற்றருக்கு மேல் குறைவு. கிட்டத்தட்ட எட்டரை அங்குலம், ஒரு அரைக்கை போகிற அளவு. இரண்டு பேரும் பொய் சொல்லாமலே சண்டை பிடிக்க இது போதும். கொப்பியில் "2½" என்று மட்டும் இருந்தால் அது எதுவென்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

துணியை வாங்கும்போதே மேசையில் விரித்து, கொண்டு வந்தவரின் முன்னாலேயே அளவுங்கள். நீளத்தைச் சென்ரிமீற்றரில் எழுதுங்கள், பக்கத்தில் அகலத்தையும் எழுதுங்கள். 36 அங்குல அகலத் துணியும் 44 அங்குல அகலத் துணியும் ஒரே நீளம் இருந்தாலும் வெட்டுக்கு ஒன்றல்ல. அகலம் குறைந்ததில் கை பக்கத்தில் விழாது, தனியே நீளம் கேட்கும். கறை, இழை விட்ட இடம், ஓட்டை இருந்தால் அதையும் குறித்து, அவரிடம் காட்டி, ஓரத்தில் ஒரு கையெழுத்து வாங்குங்கள். சாரியோடு வருகிற பிளவுஸ் துணியாக இருந்தால் "சாரியில் இருந்து வெட்டவேண்டும்" என்று எழுதுங்கள். சாரியும் உங்கள் பொறுப்பில் இருக்கிறது என்பதற்கு அதுதான் ஆதாரம். அளவுக்குத் தந்த பழைய பிளவுஸையும் வாங்கிய பொருளாக எழுதுங்கள். அதிகமாகத் தொலைவது அதுதான்.

மருதமுனைக் கைத்தறி போன்ற பருத்தித் துணியும் பருத்தி லைனிங்கும் முதல் தண்ணீரில் சுருங்கும். நனைத்துக் காயவைத்துத்தான் வெட்டவேண்டும். நனைக்க முன் நீளம், நனைத்த பின் நீளம் என்று இரண்டையும் எழுதினால், குறைந்தது எங்கே என்று காட்டலாம்.

அளவில் வருகிற பிழைக்கு முக்கிய காரணம் ஒன்று. மார்பு 36 என்று எழுதியிருக்கும்; அது உடம்பில் எடுத்ததா, அளவுப் பிளவுஸில் எடுத்ததா என்று இருக்காது. உடம்பில் எடுத்தால் வெட்டும்போது லூஸ் சேர்க்கவேண்டும். பிளவுஸில் எடுத்தால் லூஸ் அதற்குள்ளேயே இருக்கிறது. பிளவுஸில் எடுத்த 36ஐ உடம்பளவு என்று நினைத்து மேலும் இரண்டு அங்குலம் சேர்த்தால் தொளதொளக்கும், பிடித்துத் தைக்கலாம். உடம்பளவு 36ஐ அப்படியே வெட்டினால் இறுகிப்போகும். உள்ளே தையல்விளிம்பு விடாவிட்டால் அந்தத் துணி போனதுதான். ஒவ்வொரு அளவுத் தொகுதிக்கும் முன்னால் உடம்புக்கு "உ", பிளவுஸுக்கு "பி" என்று போடுங்கள். பழைய பக்கத்தைப் பார்த்து அளவைப் பிரதி பண்ணவேண்டாம். ஒவ்வொரு முறையும் புதிதாக எடுத்து, பழையதோடு ஒப்பிடுங்கள். வளர்ந்த ஆளுக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளவுங்கள், நாடா சரிந்திருக்கலாம். திருத்தும்போது 4ஐ 6 ஆக்கி மேலே எழுதாமல், ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் எழுதுங்கள்.

திகதிக்கு வருவோம். கொடுக்கும் திகதியை மட்டும் எழுதினால் அன்று காலையில்தான் அது கண்ணில் படும். வெள்ளிக்கிழமை கொடுக்கவேண்டிய லைனிங் பிளவுஸுக்குப் புதன் போட்டுப் பார்க்க வரச்சொல்லவேண்டும், செவ்வாய் தைத்து முடியவேண்டும், ஞாயிறு வெட்டியிருக்கவேண்டும். அந்த ஞாயிறுதான் "வெட்டும் திகதி". கொப்பியின் கடைசிப் பக்கங்களில் மாதத்தின் ஒவ்வொரு திகதிக்கும் ஒரு வரி விட்டு, அன்று கொடுக்க ஒப்புக்கொண்ட உடுப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போடுங்கள். உங்கள் மூன்று பேரால் ஒரு நாளில் ஐந்துதான் முடியும் என்றால், ஐந்தாவது கோட்டோடு அந்தத் திகதி மூடிவிட்டது. ஹூக் தைப்பதும் விளிம்பு மடித்துத் தைப்பதும் கைவேலை. பெருநாளுக்கும் தீபாவளிக்கும் தேங்குவது மெசின் வேலையை விட அதுதான்; கணக்கில் அதையும் சேருங்கள்.

வெட்டும் நாளில் கத்தரிக்கோல் எடுக்க முன் துணியை இன்னொரு முறை அளந்து கொப்பியோடு பாருங்கள். குறைந்தால் அப்போதே தொலைபேசியில் சொல்லலாம்: கையைக் குறைப்பதா, வேறு துணி வைப்பதா என்று அவர் முடிவு செய்வார். வெட்டிய பிறகு சொன்னால் பிழை உங்களுடையதாகிவிடும்.

இப்போதைய அக்காவின் பிரச்சினைக்கு, துணி வாங்கிய கடையின் பில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மீற்றரா யாரா என்று அதில் இருக்கும். பில் இல்லாவிட்டால், வெட்டிய துண்டுகளும் மிச்சமும் உங்களிடம் இருந்தால் இரண்டு பக்கக் கரையையும் நேராக்கி, அவரின் முன்னால் மேசையில் பொருத்தி அடுக்குங்கள். துண்டுகள் சேர்ந்து எத்தனை சென்ரிமீற்றர் வருகிறது என்று இரண்டு பேரும் ஒன்றாகப் பார்க்கலாம். மிச்சத்துணியை உடுப்புக் கொடுக்கும் நாள்வரை அதே பையில் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். கொடுக்கும்போது "மிச்சம் கொடுத்தேன்" என்று 147/3இன் கடைசியில் எழுதிவிட்டு அந்த வரியை அடியுங்கள்.