‘அவர் டாக்டர்’: வினைச்சொல் எங்கே? கேள்வி பதில்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர்: ‘அவர் டாக்டர்’ போன்ற வாக்கியத்தில் இரண்டு பெயர்களையும் சேர்க்கும் இணைப்பு வினை தமிழில் இல்லை என்கிறீர்கள். ஆனால் தமிழில் ‘இரு’ என்ற சொல் இருக்கிறதே? “எனக்கு மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள்” என்று தினமும் சொல்கிறோம். பிறகு எப்படித் தமிழையும் அந்த வினை இல்லாத மொழிகளோடு சேர்க்கிறீர்கள்?

நீங்கள் காட்டிய ‘இருக்கிறார்கள்’ பிள்ளைகள் உண்டு என்று சொல்கிறது. நாம் பேசுவது வேறொரு வேலையைப் பற்றி: ஒருவரைச் சொல்லி, அவர் யார் அல்லது எப்படிப்பட்டவர் என்பதை அவரோடு சேர்த்து வைக்கும் வேலை. “எங்க அண்ணாச்சி டாக்டரு” என்னும்போது அந்த வேலைக்கு நாம் எந்த வினையையும் கூப்பிடுவதில்லை. இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து நிற்கின்றன, வாக்கியம் முடிந்துவிடுகிறது.

‘இரு’வை அங்கே கொண்டுவந்தால் பொருளே மாறுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. கடற்கரை ஊர்க் கிணறு ஒன்றைக் காட்டி “இந்தத் தண்ணி உப்பு” என்றால், அது அந்தத் தண்ணீரின் இயல்பு. நாளைக்கும் அது உப்புத்தான். மதியம் குழம்பை வாயில் வைத்ததும் “உப்பா இருக்கு” என்றால், அது இந்தக் குழம்பு இப்போது நாக்குக்குத் தரும் செய்தி. கொஞ்சம் தண்ணீரும் புளியும் விட்டால் சரியாகிவிடும். வினையில்லாத வாக்கியம் பொருளின் வகையைச் சொல்கிறது. ‘ஆக இரு’ அதன் அப்போதைய நிலையைச் சொல்கிறது.

அவரே மீண்டும்: எங்கள் வீட்டில் “டீ சூடு, பாத்துக் குடி” என்பார்கள். சூடு டீயின் இயல்பா?

நல்ல மறுப்பு. என் விதி அந்த வாக்கியத்தில் அடிபடுகிறது. எச்சரிக்கையின் அவசரத்தில் வாக்கியம் குறுகுகிறது என்று ஒரு சமாதானம் சொல்லலாம். ஆனால் எச்சரிக்கை அல்லாத இடத்திலும் இப்படிச் சொல்பவர்கள் உண்டு. ஆகவே நான் மேலே சொன்னதைப் பெரும்பான்மை வழக்காக மட்டும் கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: “இது மரம்” என்பதில் ‘ஆகும்’ தொக்கி நிற்கிறது என்று பள்ளியில் படித்தோம். அப்படியானால் ‘ஆகும்’தானே தமிழின் இணைப்பு வினை?

பாதி சரி. எழுத்துத் தமிழில் ‘ஆகும்’, ‘ஆவார்’ ஆகியவை அந்த இடத்தில் வரலாம் என்பது உண்மை. ஆனால் வரலாம் என்பதற்கும், மறைந்து நிற்கிறது என்பதற்கும் இடையே தூரம் அதிகம். வீட்டுக்கு வந்தவரிடம் “இவ என் தங்கச்சி” என்று அறிமுகம் செய்கிறோம். “இவள் என் தங்கை ஆவாள்” என்று யாரும் சொல்வதில்லை, சொன்னால் ஏதோ சான்றிதழை வாசிப்பதுபோல் இருக்கும்.

தொல்காப்பியர் இதை வேறுவிதமாகப் பார்த்தார். எழுவாய் ஏற்கும் பயனிலைகளை அவர் ஆறாக வகுத்தார்; உரையாசிரியர்கள் பசுவை வைத்து எடுத்துக்காட்டுகள் தந்தனர். ‘ஆ கிடந்தது’ என்பது வினையால் முடிவது. ‘ஆ கரிது’ பண்பால் முடிவது, ‘ஆ பல’ பெயரால் முடிவது. ‘ஆ உண்டு’ என்பது தனியாக வேறொரு வகை. அம்பாசமுத்திரத்தாரின் பிள்ளைகள் அங்கேதான் சேர்வார்கள். பெயரால் முடியும் வாக்கியத்தைத் தொல்காப்பியர் குறைபட்ட வாக்கியமாகக் கருதவில்லை. வினையால் முடிவதற்குச் சமமாக வரிசையில் வைத்தார்.

ஆனாலும் உங்கள் ஆசிரியர் பக்கமும் ஒரு வலுவான சான்று இருக்கிறது. “அவர் டாக்டர்” என்பதை ஒரு பெரிய வாக்கியத்துக்குள் நுழைத்துப் பாருங்கள்: “டாக்டரான அண்ணாச்சி”, “டாக்டராக இருந்தால்”. தனித்து நின்றபோது காணாத, ‘ஆகும்’ என்பதன் ‘ஆ’ அங்கே வெளியே வருகிறது. அது உள்ளே ஒளிந்திருந்ததா, தேவைக்காகப் புதிதாக அழைக்கப்பட்டதா என்பதில் மொழியியலாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. நான் இரண்டாவது கட்சி.

செங்கோட்டையிலிருந்து: மலையைத் தாண்டினால் “டாக்டராணு” என்கிறார்கள். அந்த ‘ஆணு’ எங்கிருந்து வந்தது?

அதே ‘ஆ’ வேரிலிருந்துதான். நமக்கு விருப்பமானால் மட்டும் வரும் ‘ஆகும்’ போன்ற வடிவம் மலையாளத்தில் தேய்ந்து ‘ஆணு’ ஆகி, அன்றாட வாக்கியத்தில் நிலையான இடம் பிடித்துவிட்டது.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து: எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. ‘நான் நல்லவன்’ என்பதற்கு “நேனு மஞ்சிவாண்ணி” என்போம். அந்தக் கடைசி ‘ணி’ வினையா?

வினை அன்று, ‘நான்’ என்பதற்கு இசைந்து பெயரின் முடிவில் ஒட்டும் விகுதி. ‘நீ’ என்றால் “மஞ்சிவாடிவி”, ‘நாங்கள்’ என்றால் “மஞ்சிவாள்ளம்” என்று அது மாறும். இணைப்புக்குத் தனிச்சொல் இல்லாத மொழி, பெயரையே வினைபோல் திரித்து அந்த வேலையை வாங்குகிறது.

பழந்தமிழும் இதைத்தான் செய்தது. குறுந்தொகையின் 47ஆம் பாடலில் நிலவைப் பார்த்து “நல்லை அல்லை நெடுவெண் ணிலவே” என்ற அடி வருகிறது. ‘நல்லை’ என்றால் ‘நீ நல்லவள்’. ‘அல்லை’யிலும் அதே முன்னிலை விகுதி. ‘நீ’ என்ற சொல்லே இல்லாமல், யாரிடம் பேசப்படுகிறது என்பது ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்திலும் தெரிகிறது. இலக்கணத்தில் இதற்குக் குறிப்பு வினைமுற்று என்று பெயர்; காலத்தை வெளிப்படையாகக் காட்டாது. அந்த அடியை இன்றைய தமிழில் எழுதினால் “நீ நல்லவள் இல்லை” என்று மூன்று சொற்கள் வேண்டும். ‘இல்லை’ யாருக்கும் வளையாது. ‘அடியேன்’, ‘சிறியேன்’ போன்றவற்றில்தான் அந்தத் தன்மை விகுதி நம்மிடம் மிஞ்சியிருக்கிறது. உங்கள் வீட்டுத் தெலுங்கு அதை உயிரோடு வைத்திருக்கிறது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

மேலப்பாளையத்திலிருந்து, மதரஸாவில் அரபு கற்பிப்பவர்: அரபியிலும் நிகழ்காலத்தில் இணைப்பு வினை இல்லை. மாணவர்கள் ‘பெரிய வீடு’ என்பதையும் ‘வீடு பெரியது’ என்பதையும் குழப்பிக்கொள்கிறார்கள். தமிழை வைத்து எப்படி விளக்குவது?

இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்; தமிழ்ப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். அரபியில் ‘அல்-பைத்துல் கபீர்’ என்றால் ‘அந்தப் பெரிய வீடு’. பேச்சு இன்னும் முடியவில்லை. ‘அல்-பைத்து கபீர்’ என்றால் ‘வீடு பெரியது’; முழு வாக்கியம். இரண்டாவது சொல்லில், ‘அந்த’ என்று சுட்டும் ‘அல்’ இல்லாததுதான் இணைப்பின் அடையாளம்; முதல் தொடரில் அது ‘பைத்துல்’ என்பதன் ‘ல்’லாக ஒட்டி நிற்கிறது. தமிழில் அந்த வேலையைச் செய்வது ‘து’. ‘பெரிய’ என்பது அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்கும். “வீடு பெரிய” என்று நிறுத்தினால் கேட்பவர் மேலே என்ன என்று நம் முகத்தைப் பார்ப்பார். ‘து’ சேர்ந்து ‘பெரியது’ என்று பெயர்த்தன்மை பெற்ற பிறகே அது பயனிலையாக நிற்க முடியும். அரபியில் ஒன்றை நீக்க வேண்டும், தமிழில் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று மாணவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

நாங்குநேரியிலிருந்து ஒரு தாய்: என் மகன் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறான். ரஷ்ய மொழியில் ‘அவர் டாக்டர்’ என்பது நம்மைப்போல இரண்டே சொல் என்றான். ‘டாக்டராக இருந்தார்’ என்று வந்தால் மட்டும் தவறாகிவிடுகிறதாம். ஏன்?

நிகழ்காலம் “ஓன் வ்ராச்”: அவர், டாக்டர், அவ்வளவுதான். இறந்தகாலத்துக்கு ‘பில்’ என்ற வினை வந்தே தீரவேண்டும். அது வந்ததும் ‘வ்ராச்’ பெரும்பாலும் ‘வ்ராச்சோம்’ என்று வேற்றுமை உருபு ஏற்கிறது. உங்கள் மகன் வினையைச் சேர்த்துவிட்டு, பெயரை அப்படியே விட்டுவிடுகிறார் என்று நினைக்கிறேன். தமிழிலும் “அவர் டாக்டர் இருந்தார்” என்று சொல்ல முடியாது அல்லவா? ‘ஆக’ சேர்த்து ‘டாக்டராக’ என்கிறோம். நாம் ‘ஆக’ போடும் இடத்தில் அங்கே ‘ஓம்’ போட வேண்டும் என்று அவருக்கு எழுதுங்கள். பெண்பாற் பெயர்களுக்கு அந்த உருபு வேறாக இருக்கும் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.