நீள்வட்டக்கோளத்தின் மீது xyz: λ = 0 ஆகும் புள்ளிகள்

கேள்வி: x² + 2y² + 3z² = 18 என்ற பரப்பின் மீது f = xyz இன் பெரும மதிப்பை லாக்ராஞ்சு பெருக்கி λ கொண்டு காணும்போது λ = 0 என்றும் ஒரு விடை வருகிறது. அதை விட்டுவிடலாமா?

சரிபார்க்காமல் விட்டுவிடக் கூடாது. லாக்ராஞ்சு நிபந்தனை தரும் சமன்பாடுகள் இவை:

yz = 2λx, xz = 4λy, xy = 6λz

இவற்றை ஒன்றால் மற்றொன்றை வகுப்பதுதான் பலருடைய வழக்கம். ஆனால் பூச்சியமாகக்கூடிய ஒன்றால் வகுத்தால் சில விடைகள் சத்தமின்றி மறைந்துவிடும். அதற்குப் பதிலாக, முறையே x, y, z ஆல் பெருக்கினால் மூன்று இடப்பக்கங்களும் xyz ஆகி, 2λx² = 4λy² = 6λz² என்று கிடைக்கிறது.

λ பூச்சியமல்ல எனில் x² = 2y² = 3z²; இம்மூன்றின் கூடுதல் 18 என்பதால் ஒவ்வொன்றும் 6. ஆகவே x = ±√6, y = ±√3, z = ±√2 என எட்டுப் புள்ளிகள் கிடைக்கின்றன; குறிகளைப் பொறுத்து f இன் மதிப்பு 6 அல்லது −6.

λ = 0 எனில் yz, xz, xy மூன்றும் பூச்சியமாக வேண்டும்; அதாவது இரண்டு மாறிகளாவது பூச்சியம். பரப்பு அச்சுகளை வெட்டும் ஆறு புள்ளிகள் இவையே; இங்கெல்லாம் f = 0. (√18, 0, 0) அருகே பரப்பின் மீது சற்றே நகர்ந்தால் f ஏறத்தாழ √18·yz ஆக இருப்பதால், y, z ஒரே குறியுடையவை எனில் மதிப்பு உயரும், எதிர்க்குறியுடையவை எனில் தாழும். எனவே இது சேணப் புள்ளி; மற்ற ஐந்தும் அப்படியே.

பரப்பு மூடியதாகவும் வரம்புக்குட்பட்டதாகவும் இருப்பதால் பெருமமும் சிறுமமும் உண்டு என்பது உறுதி. கட்டுப்பாட்டுச் சார்பின் சரிவு வெக்டர் பூச்சியமாவது ஆதிப்புள்ளியில் மட்டுமே, அது பரப்பில் இல்லை; எனவே லாக்ராஞ்சு நிபந்தனையில் எந்தப் புள்ளியும் விடுபடவில்லை. ஆகவே பெருமம் 6, சிறுமம் −6. பெருமத்தில் λ = 1/2; கட்டுப்பாட்டின் வலப்பக்க எண் மாறும்போது பெருமம் மாறும் வீதம் இதுவே என்பதால், 18 ஐ 18.1 ஆக்கினால் பெருமம் ஏறக்குறைய 0.05 கூடும்.